திருத்தி வந்த பத்தியும் உங்கள் குரலும்

கேள்வி: அப்பாவைப் பற்றி ஒரு நினைவுக்குறிப்பு எழுதி வருகிறேன். 40 பக்கம் ஆகியிருக்கிறது. குழப்பமாக இருந்த 7 பத்திகளை, எழுத்தில் தேர்ந்த நண்பர் ஒருவர் திருத்தி எழுதித் தந்தார். தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் என்னுடையதைவிடத் தெளிவு. உள்ளே வைத்துப் படித்தால் அந்த இடத்தில் மட்டும் வேறு யாரோ பேசுகிறார்கள். ‘இரவு’ என்று இருந்ததை ‘ராத்திரி’ ஆக்கினேன், அங்கங்கே ‘ரொம்ப’ சேர்த்தேன். ஒட்டவில்லை. என்ன செய்யலாம்? ஒரு பத்தியின் இரண்டு வடிவத்தையும் 40 பக்க வரைவையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ‘ராத்திரி’ போட்டும் ஒட்டாததற்குக் காரணம், குரல் சொல்லில் இருப்பதைவிட வாக்கியத்தின் எலும்பில் அதிகம் இருக்கிறது. வாக்கியம் எங்கே முடிகிறது, எந்த வினையில் முடிகிறது, கண் எதை முதலில் பார்த்து எதற்கு நகர்கிறது என்பவை அப்படியே இருக்க, மேலே இரண்டு பேச்சுச் சொல்லைத் தூவினால் அது வேஷமாகத்தான் தெரியும். சொல்லப்போனால், தூவாமல் விட்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய பத்தியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் முதல் வடிவம் இது:

“அப்பாவுக்குக் காது மந்தமானது எப்போது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஸ்டூலைப் போட்டு ஏறி, பன்னிரண்டு சுற்று. ஒரு தடவை சாவி கொடுத்துவிட்டு இறங்கினவர் அங்கேயே நின்றார். ஓடுதா என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முந்தின மாதமே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார், போன் அடித்தாலும் எடுக்கமாட்டார், இதெல்லாம் அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது, கடிகாரம் அன்றைக்குத்தான்.”

நண்பர் தந்தது:

“அப்பாவின் செவித்திறன் படிப்படியாகக் குறைந்து வந்ததை நாங்கள் உணரத் தவறிவிட்டோம். தொலைக்காட்சியின் ஒலி அளவு அதிகரிக்கப்பட்டதும், தொலைபேசி அழைப்புகள் ஏற்கப்படாமல் போனதும் அதன் அறிகுறிகளாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சுவர்க் கடிகாரத்திற்குச் சாவி கொடுத்துவிட்டு இறங்கிய அவர், அது ஓடுகிறதா என்று என்னிடம் வினவினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவருடைய உலகம் மெல்ல மௌனமாகிக் கொண்டிருந்தது.”

முதலில் சொற்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் வாக்கியங்களின் நீளம் வரிசையாக 8, 6, 7, 7, 3, 2, 19. அவருடையது 8, 11, 14, 8. உங்களிடம் இரண்டு சொல்லில் முடிகிற வாக்கியமும் உண்டு, கமாவைப் போட்டுப் போட்டு மூச்சு வாங்காமல் போகிற வாக்கியமும் உண்டு. அவரிடம் இரண்டும் இல்லை, எல்லாம் நடுத்தர உயரம். நீங்கள் அனுப்பிய மற்ற பக்கங்களிலும் இந்தக் குட்டை–நெட்டை மாறிமாறி வருகிறது. வாசிப்பவர் அதற்குப் பழகிவிட்டார். இந்தப் பத்திக்கு வந்ததும் நடை சீராகிவிடுகிறது, அங்கேதான் “வேறு யாரோ” என்று தோன்றுகிறது.

அடுத்து வினைகள். உங்கள் பத்தியில் ஒவ்வொரு செயலுக்கும் ஆள் இருக்கிறார். அப்பா சத்தத்தைக் கூட்டினார், திட்டு வாங்கினார், போனை எடுக்கவில்லை. நண்பரின் பத்தியில் ஒலி ‘அதிகரிக்கப்பட்டது’, அழைப்பு ‘ஏற்கப்படாமல் போனது’. கூட்டியவர் காணாமல் போகிறார், திட்டிய அம்மாவும் காணாமல் போகிறார். ‘-ப்பட்டது’ என்பது பிழையில்லை. ஆனால் நினைவுக்குறிப்பில் அது வரும் இடமெல்லாம் ஒரு மனிதர் அறையைவிட்டு வெளியே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பார்க்கிற வரிசை. நீங்கள் பொருளைக் காட்டிவிட்டு அர்த்தத்தை விட்டுவிடுகிறீர்கள், அல்லது கடைசியில் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். அவர் அர்த்தத்தை முதலில் சொல்லி (‘உணரத் தவறிவிட்டோம்’), பொருளைச் சான்றாக வைத்து, முடிவில் அர்த்தத்தை இன்னொரு முறை சொல்கிறார். ‘அவருடைய உலகம் மௌனமாகிக் கொண்டிருந்தது’ என்ற வரி அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் 40 பக்கத்தில் அப்படி விளக்கி முடியும் பத்தி, நான் பார்த்த வரையில், ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு காரணமே அதை எடுத்துவிடப் போதும்.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வாருங்கள். இந்தத் திருத்தத்தால் உண்மையில் என்ன லாபம்? தேடினால் இரண்டே இரண்டுதான். டிவியும் போனும் கடிகாரத்துக்கு முன்னால் வந்ததால் காலவரிசை நேராகிவிட்டது. உங்கள் வடிவத்தில் முந்தின மாதம் பின்னால் வந்து வாசிப்பவரைத் தடுக்கியது. இன்னொன்று, ‘என்னிடம்’ என்ற சொல். அப்பா கேட்டது யாரிடம் என்பது உங்கள் பத்தியில் இல்லை. இந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நண்பரின் நடை, அது அவருடைய சொத்து. லாபத்தை எடுத்துக்கொண்டு நடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதைச் செய்யும் முறை இது. திருத்தி வந்த பத்தியை ஒட்டாதீர்கள். அதைப் படித்து, என்ன மாறியிருக்கிறது என்று ஓரத்தில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ளதற்கு, “டிவி, போன் முதலில், கேட்டது என்னிடம்” அவ்வளவுதான். இந்தக் குறிப்பில் செய்திகள் மட்டும் இருக்க வேண்டும், அவருடைய சொற்றொடர் ஒன்றுகூட ஏறக்கூடாது. ‘செவித்திறன்’ என்று எழுதிவைத்தால் அது எப்படியும் உள்ளே நுழைந்துவிடும். பிறகு அவருடைய பிரதியை மூடிவிடுங்கள். உங்கள் வரைவில் இந்தப் பத்திக்கு முந்தைய இரண்டு பத்திகளை, நீங்களே எழுதியவற்றை, வேறொரு வெற்றுப் பக்கத்தில் சொல்லுக்குச் சொல் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். வீண்வேலை போலத் தெரியும். ஆனால் இரண்டு பத்தி கைவழியே ஓடினபின் உங்கள் வாக்கிய நீளம் உங்களுக்கே திரும்பி வந்துவிடும். நிறுத்தாமல், குறிப்பைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது பத்தியை எழுதுங்கள்.

எழுதி முடித்தபின் பழைய வடிவம் இரண்டையும் திறந்து, விட்டுப்போன பொருள் ஏதாவது உண்டா என்று மட்டும் பாருங்கள். ஸ்டூலும் பன்னிரண்டு சுற்றும் நண்பரின் வடிவத்தில் காணாமல் போயிருந்தன. திருத்துபவர்கள் முதலில் வெட்டுவது இவற்றைத்தான், கதைக்குத் தேவையில்லாத விவரமாகத் தெரிவதால். பன்னிரண்டு சுற்று என்று எண்ணி வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் அது திரும்ப வர வேண்டும்.

நான் போட்டுப் பார்த்த வடிவம் இப்படி வந்தது:

“அப்பாவுக்குக் காது மந்தமானது எப்போது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து அம்மாவிடம் திட்டு வாங்குவார், போன் அடித்தாலும் எடுக்கமாட்டார், அதெல்லாம் பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஸ்டூலைப் போட்டு ஏறி, பன்னிரண்டு சுற்று. ஒரு தடவை சாவி கொடுத்துவிட்டு இறங்கினவர் அங்கேயே நின்றார். ஓடுதா என்று என்னைக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.”

இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் இதிலும் ஒரு அந்நியக் கை இருக்கிறது: ‘பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்’ என்பது என் ஊகம். வரிசையை மாற்றினதும் அங்கே ஒரு பள்ளம் விழுந்தது, அதை நிரப்ப நான் ஒன்றைப் போட்டேன். அப்போது வீட்டில் என்ன நினைத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பிடிவாதமா, வயசா, அம்மா மேல் கோபமா, எதுவோ அதைப் போடுங்கள். எதுவும் நினைக்கவில்லை என்றால் ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று எழுதினாலும் சரிதான். திருத்தி எழுதப்பட்ட பத்திகளில் குரலைவிட ஆபத்தான விஷயம் இது. ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, நடக்காத ஒன்று நைசாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மற்ற 6 பத்திகளிலும், “இது எனக்கு நடந்ததா, அல்லது வாக்கியத்துக்குத் தேவைப்பட்டதா” என்று ஒவ்வொரு செய்தியையும் கேட்டுப் பாருங்கள்.

நீள வாக்கியத்தை நான் உடைக்காமல் விட்டதையும் கவனியுங்கள். காலவரிசையைச் சரிசெய்யும்போது ஒவ்வொரு செய்தியையும் தனி வாக்கியமாக்கத் தோன்றும். செய்திருந்தால் எல்லாமே 4, 5 சொல்லில் முடிந்து தந்தி மாதிரி ஆகியிருக்கும். அதுவும் உங்கள் நடை இல்லை.

மீதிப் பத்திகளுக்குப் போவதற்கு முன், உங்கள் குரலுக்கு ஒரே பக்கத்தில் அடங்குகிற குறிப்பு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். வரைவிலிருந்து நண்பர் கைபடாத 3 இடங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 300 சொல். முதல் பக்கம் வேண்டாம். ஆரம்பப் பக்கத்தை எல்லாரும் பலதடவை தேய்த்திருப்பார்கள். அப்பாவோடு சண்டை, சும்மா ஒரு நாள், யாராவது பேசுகிற இடம் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும். அவற்றில் ஒரே வேலைக்கு இரண்டு சொல் உள்ள இடங்களில் நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘இருக்கிறது’ என்பீர்களா ‘உள்ளது’ என்பீர்களா, ‘அதனால்’ வருமா ‘எனவே’ வருமா, ‘அப்புறம்’, ‘பிறகு’, ‘பின்னர்’ மூன்றில் எது, ‘மாதிரி’யா ‘போல’வா ‘போன்று’வா, ‘என்று’வா ‘என’வா, ‘-உக்கு’வா ‘-இற்கு’வா. உங்கள் பக்கங்களில் ‘கடிகாரத்துக்கு’, நண்பரிடம் ‘கடிகாரத்திற்கு’. இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு ஜோடி போதும், அதற்கு மேல் எழுதினால் பார்க்கமாட்டீர்கள்.

அதே பக்கத்தில் மரியாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ‘-ஆர்’ விகுதி, அம்மாவுக்கு என்ன? உங்கள் பக்கங்களில் அம்மா ‘சொன்னாள்’. நண்பரின் வேறொரு பத்தியில் ‘கூறினார்’ என்று வந்திருக்கிறது. அம்மாவுக்கு மரியாதை கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம், ஆனால் பக்கம் 17இல் ‘சொன்னாள்’ என்றிருந்தவள் 18இல் ‘கூறினார்’ ஆனால், வாசிப்பவர் ஒரு கணம் யாரோ விருந்தாளி வந்துவிட்டதாக நினைப்பார். ‘நான்’ எத்தனை முறை வருகிறது என்பதும் முக்கியம். தமிழில் வினையே ஆளைக் காட்டிவிடும். ‘போனேன்’ என்றால் போதும். நீங்கள் ‘நான்’ போடுவது வேறொருவரோடு ஒப்பிடும்போது மட்டுமே. திருத்துபவர் தெளிவுக்காக ஒவ்வொரு வாக்கியத்திலும் அதை நட்டுவிடுவார்.

பழக்கத்தையும் பிழையையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நண்பர் வல்லின ஒற்றுகளைச் சரியாகப் போட்டிருக்கிறார், நீங்கள் சில இடத்தில் விட்டிருக்கிறீர்கள். அது குரல் இல்லை, விடுபட்டது. அந்தத் திருத்தத்தை 40 பக்கத்துக்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளுங்கள். 7 பத்தியில் மட்டும் ஒற்றுகள் ஒழுங்காக இருந்தால் அதுவே ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘இறங்கினவர்’, ‘முந்தின’, ‘ஓடுதா’ போன்றவை வேறு கணக்கு. அவை தெரிந்து எழுதுகிற பேச்சு வடிவங்கள், உங்கள் பக்கங்கள் முழுக்க இருக்கின்றன. அவற்றை யார் திருத்தினாலும் திரும்ப வையுங்கள்.

பத்தி தனியாகச் சரியாகிவிட்டாலும் விளிம்பில் வேலை மிச்சம் இருக்கும். உங்கள் வரைவில் அடுத்த பத்தி, “அது நின்றுபோனது இரண்டு வருஷம் கழித்து” என்று தொடங்குகிறது. உங்கள் மனத்தில் ‘அது’ கடிகாரம். நண்பரின் பத்தியை வைத்துவிட்டு இதைப் படியுங்கள்: கடைசியாக வந்த பெயர் ‘உலகம்’. அப்பாவின் உலகம் இரண்டு வருஷம் கழித்து நின்றுபோனது, அதாவது அவர் இறந்துவிட்டார் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அப்பா இன்னும் 15 பக்கம் நடமாடப்போகிறார்! ஆகவே, மாற்றிய ஒவ்வொரு பத்திக்கும் முந்தைய பத்தியின் கடைசி வாக்கியம், மாற்றியதன் முதல் வாக்கியம், அதன் கடைசி வாக்கியம், அடுத்ததன் முதல் வாக்கியம் ஆகிய நான்கை மட்டும் தனியே எடுத்து எழுதிப் பாருங்கள். ‘அது’, ‘அவர்’, ‘அன்றைக்கு’, ‘அங்கே’ எல்லாம் எதைக் காட்டுகின்றன என்பதும், காலம் இறந்தகாலத்திலேயே நிற்கிறதா, நடுவில் ‘வருகிறார், பார்க்கிறார்’ என்று தாவுகிறதா என்பதும் இந்த நான்கு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். முன்னால் கொண்டுவந்த செய்தி பின்னால் எங்காவது புதிதுபோல மறுபடி வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிவி விஷயம் உங்கள் 31ஆம் பக்கத்திலும் இருக்கிறது.

7 பத்தியும் முடிந்தபின் கணினியில் Ctrl+F போட்டு, உங்கள் ஜோடிப் பட்டியலில் நீங்கள் எடுக்காத சொற்களைத் தேடுங்கள். தமிழில் விகுதி சேர்ந்து சொல் மாறிவிடும் என்பதால் முழுச் சொல்லாகத் தேடினால் பாதி தப்பிவிடும். ‘அதிகரிக்கப்பட்டது’ என்று தேடாமல் ‘ப்பட்ட’ என்று தேடுங்கள். ‘உள்ள’ என்று தேடினால் ‘உள்ளே’யும் ‘உள்ளங்கை’யும் சேர்ந்து வரும், பொறுமையாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒரே குறியாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் சில மென்பொருள்களின் தேடலில் சிக்காது. நண்பரின் கோப்பிலிருந்து எதையாவது வெட்டி ஒட்டியிருந்தால், தேடலில் வரவில்லை என்பதை வைத்து ‘இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள்.

சில பத்திகளில் நண்பரின் ஒரு வாக்கியம் உங்களுக்கு விட மனமில்லாமல் இருக்கும். ஒன்றிரண்டு என்றால் வைத்துக்கொள்ளலாம், அவரிடம் சொல்லிவிட்டு. அதற்கு இருபுறமும் உங்கள் குட்டை வாக்கியம் ஒவ்வொன்று இருக்கட்டும், பத்தியின் கடைசியில் மட்டும் அது வரவேண்டாம். கடைசி வாக்கியம்தான் காதில் அதிகம் நிற்கும். ஆனால் 7 பத்தியிலும் அவர் நடையே பிடித்திருக்கிறது என்றால் கேள்வியே வேறாகிவிடுகிறது: நீங்கள் உங்கள் நடையை மாற்ற விரும்புகிறீர்கள். அதற்கு 7ஐத் திருத்திப் பயனில்லை, மீதிப் பக்கங்களை முதலிலிருந்து எழுத வேண்டும். அனுப்பிய பக்கங்களைப் பார்த்தவரை அதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசிச் சோதனையை உடனே செய்யாதீர்கள். ஒரு வாரமாவது போகட்டும், அதற்குள் எது மாற்றியது என்பது பாதி மறந்திருக்கும். பிறகு அச்செடுத்து, மாற்றிய பத்திக்கு இரண்டு பக்கம் முன்பிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டே வாருங்கள். நாக்கு இடறும் இடம், மூச்சு எதிர்பாராமல் சீராகும் இடம் இரண்டிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இன்னொரு பிரதியை, திருத்தம் நடந்தது தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். “எங்கேயாவது வேறு ஆள் எழுதினது மாதிரி இருக்கிறதா, கோடு போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டால் போதும். எத்தனை இடம், எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டாம். அவருடைய கோடுகள் 7 பத்திகளில் விழுந்தால் எங்கே மறுபடி உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். நீங்களே எழுதின பக்கங்களிலும் சில கோடுகள் விழும். அவற்றையும் பாருங்கள், அன்றைக்கு எழுதும்போது வேறு யாரையோ படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.